பெட்ரோல் போக மணிக்கு 82 ரூபாய் நிற்கிறது என்கிறீர்கள், உண்மையில் எவ்வளவு?

கேள்வி: அண்ணா, மேடவாக்கத்தில் வீடு, வேளச்சேரி ஜோனில் சாப்பாடு டெலிவரி ஓட்டுகிறேன். 110 சிசி ஸ்கூட்டர், புதுசாக லோனில் எடுத்தது, இ.எம்.ஐ. 2,900. வாரம் 6 நாள், மதியம் 12 முதல் ராத்திரி 10 வரை லாகின். வாரத்துக்கு இன்சென்டிவ் எல்லாம் சேர்த்து 6,800 வருகிறது, பெட்ரோலுக்கு 1,900 போகிறது. அப்போ மணிக்கு 82 ரூபாய் நிற்க வேண்டும். ஆனால் கையில் எதுவும் தங்குவதில்லை. ஒரு கடையில் 9 மணி நேர வேலைக்கு 16,000 சம்பளம் தருகிறேன் என்கிறார்கள். எனக்கு உண்மையில் மணிக்கு எவ்வளவு நிற்கிறது, அதை எப்படிக் கணக்குப் போடுவது?

பதில்:

தம்பி, நீங்கள் சொன்ன எண்களை வைத்துப் போட்டால் மணிக்கு 48 ரூபாய் வாக்கில்தான் வருகிறது. 82-க்கும் 48-க்கும் நடுவில் இருக்கும் பணத்தை யாரும் உங்களிடமிருந்து பிடிக்கவில்லை. அது வண்டியின் தேய்மானத்திலும், நீங்கள் மணிக்கணக்கில் சேர்க்காத நேரத்திலும் கரைகிறது. பெட்ரோலுக்கு தினமும் பங்க்கில் பணம் கொடுப்பதால் அது மட்டும் செலவாகத் தெரிகிறது. டயரும் பெல்ட்டும் தேய்வதற்கு யாரும் தினமும் காசு கேட்பதில்லை. ஆறு மாதம் கழித்து மொத்தமாகக் கேட்கும்போது அதை எதிர்பாராத செலவு என்று நினைத்துக்கொள்கிறோம்.

முதலில் கிலோமீட்டர். இந்தக் கணக்கு முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது, அதனால் ஆப் காட்டும் தூரத்தை எடுக்காதீர்கள். டிராப் முடித்துவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பி வருவது, ஆர்டர் இல்லாமல் நல்ல ஹோட்டல்கள் இருக்கும் பக்கம் நகர்வது, வீட்டிலிருந்து ஜோனுக்குப் போய் வருவது, இவையெல்லாம் அதில் வராது. வண்டி மீட்டரில் இருக்கும் ரீடிங்கைக் காலையில் கிளம்பும்போது ஒரு போட்டோ, ராத்திரி வீட்டுக்கு வந்ததும் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் போதும். நேரமும் அந்தப் போட்டோவிலேயே பதிவாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வெளியே போனால் அந்தக் கிலோமீட்டர் தொழில் கணக்கில் சேராது. தினமும் போட்டோ எடுத்தால் அது தானாகவே பிரிந்து நிற்கும்.

அடுத்தது மைலேஜ். கம்பெனி சொல்லும் எண்ணை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் ஓட்டத்துக்கு அது பொருந்தாது. ஒரே பங்க்கில், தானாகக் கட் ஆகும் வரை டேங்க்கை நிரப்பி ரீடிங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் அதே மாதிரி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை அப்போது ஏறிய லிட்டரால் வகுங்கள். நூறு ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் போட்டுக்கொண்டிருந்தால் இது பிடிபடாது. ஒரு முறை போட்டதை வைத்தும் முடிவுக்கு வராதீர்கள், தொடர்ந்து மூன்று தடவை நிரப்பிச் சராசரி எடுங்கள். 110 சிசி ஸ்கூட்டருக்குச் சென்னை டிராஃபிக்கில் 45 கிடைத்தால் சரியான மைலேஜ்தான். பெட்ரோல் 101 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 2.24 ரூபாய். நீங்கள் வாரம் 1,900-க்குப் போடுகிறீர்கள் என்றால் வாரத்துக்குச் சுமார் 846 கிலோமீட்டர், நாளைக்கு 141. முதலில் இந்த எண் உங்கள் மீட்டரோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். மீட்டர் 720 என்று சொன்னால் மைலேஜ் 38-க்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். டயரில் காற்று குறைந்திருக்கலாம், பிரேக் ஒட்டிக்கொண்டு ஓடலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினை அணைத்து, பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தால் பிரேக் பிடிக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும்.

இனி தேய்மானம். பெரும்பாலானவர்கள் மாதத்துக்கு இவ்வளவு என்று குத்துமதிப்பாக ஒரு தொகை எழுதுகிறார்கள். அது சரிவராது, ஏனென்றால் டெலிவரி வண்டியின் பாகங்களைத் தேய்ப்பது ஓட்டம்தான். ஒவ்வொரு பாகத்தையும் எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்ற கணக்கில் பிரியுங்கள். இன்ஜின் ஆயில் 3,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, கூலியோடு 450 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 15 பைசா. சாதாரணமாக ஓட்டுகிறவருக்கு 3,000 கிலோமீட்டர் என்பது நான்கைந்து மாதம். உங்களுக்கு அது மூன்றரை வாரம். "போன மாதம்தானே மாற்றினேன்" என்று தள்ளிப்போடும் வண்டிதான் பிறகு இன்ஜின் வேலைக்கு வந்து நிற்கும். பின் டயர் 1,700 ரூபாய், நம் ரோட்டில் 15,000 கிலோமீட்டர் வரும். முன் டயர் இன்னும் கொஞ்சம் அதிகம் வரும். இரண்டும் சேர்ந்து கிலோமீட்டருக்கு 18 பைசா. டயரின் பக்கவாட்டில் TWI என்று எழுதி இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் இருக்கும் மேடு தரையைத் தொடும் அளவுக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. டிரைவ் பெல்ட்டும் ரோலரும் சுமார் 24,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை, 1,800 ரூபாய், அது 7 பைசா சொச்சம். இப்படியே பிரேக் ஷூ, பிளக், ஏர் ஃபில்டர், சர்வீஸ் கூலி, பஞ்சர், பேட்டரி, ஷாக் அப்சார்பர், பேரிங் எல்லாவற்றையும் போட்டுக் கூட்டினால் 80 பைசா பக்கம் வரும். உங்கள் மெக்கானிக் சொல்லும் விலையை வைத்து இதைத் திருத்திக்கொள்ளுங்கள், பில் எல்லாவற்றையும் ரீடிங் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்தில் என் எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு உங்கள் எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

வேளச்சேரியில் ஓட்டுவதால் ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் ஓட்டினால் பெல்ட் இருக்கும் பகுதிக்குள் தண்ணீர் போய் பெல்ட் வழுக்கும், பிரேக் டிரம்முக்குள் மணல் சேரும். ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் சத்தம் மட்டும் ஏறி வண்டி நகராமல் இருந்தால் அதுதான் அறிகுறி. மழை நாளில் ஆர்டருக்குக் கூடுதலாகத் தரும் பத்து, இருபது ரூபாயில் இதற்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

அப்புறம் வண்டியின் விலையே குறைவது. இதில்தான் இ.எம்.ஐ. எல்லோரையும் குழப்புகிறது. இ.எம்.ஐ.யையும் கழித்து, வண்டி மதிப்புக் குறைவதையும் கழித்தால் ஒரே செலவை இரண்டு முறை கழித்ததாகும். இ.எம்.ஐ.யில் அசல் என்பது வண்டியின் விலை. அதைத் தேய்மானமாகக் கணக்கில் எடுங்கள். வட்டியை மட்டும் தனிச் செலவாக வையுங்கள். ஆன்ரோடு 1,05,000 ரூபாய் கொடுத்து வாங்கிய வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிறகு 25,000 ரூபாய்க்குப் போகும் என்று வைத்துக்கொள்வோம். 80,000 ரூபாய் ஒரு லட்சம் கிலோமீட்டரில் கரைகிறது, கிலோமீட்டருக்கு 80 பைசா.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். நீங்கள் ஓட்டும் வேகத்தில் வருடத்துக்கு 44,000 கிலோமீட்டர். ஒரு லட்சத்தை இரண்டே கால் வருடத்தில் தொட்டுவிடுவீர்கள். லோன் மூன்று வருடம் என்றால், வண்டி பெரிய வேலை கேட்கத் தொடங்கிய பிறகும் ஒன்பது மாதம் இ.எம்.ஐ. கட்டிக்கொண்டிருப்பீர்கள். கையில் எதுவும் தங்காததற்கும், வண்டி மாற்றும் நேரத்தில் பலர் புதுக் கடனில் விழுவதற்கும் இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். வீட்டு உபயோகத்துக்கு வாங்குகிறவருக்குப் போட்ட தவணைக் கணக்கு, நாளைக்கு 141 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குப் பொருந்தாது.

ஆக பெட்ரோல் 2.24, பராமரிப்பு 80 பைசா, தேய்மானம் 80 பைசா. கிலோமீட்டருக்கு 3.84 ரூபாய். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். வாரம் 846 கிலோமீட்டருக்கு 3,249 ரூபாய். ஓடினாலும் ஓடாவிட்டாலும் வரும் செலவு தனி. 85,000 ரூபாய்க்கு லோன் என்றால் வட்டி வாரத்துக்கு 125 வாக்கில் விழும், அதோடு காப்பீடு 40, போன் ரீசார்ஜ் 90, போனின் தேய்மானமும் சார்ஜர், ஹோல்டர் வகையும் 100. மொத்தம் 355. இரண்டையும் கூட்டினால் 3,604. வந்த 6,800-இல் கழித்தால் 3,196 மிஞ்சும்.

வரவைக் கணக்கில் எடுக்கும்போது ஒன்று கவனியுங்கள். பேங்க்கில் ஏறிய தொகையைப் பார்த்து எழுதாதீர்கள். வாடிக்கையாளரிடம் கையில் வாங்கிய பணத்தைப் பேஅவுட்டில் கழித்துக்கொண்டு மீதியைத்தான் போடுவார்கள். கையில் இருப்பது ஏற்கனவே செலவாகிவிட்டால் வாரக் கடைசியில் பேஅவுட் குறைந்த மாதிரி தெரியும். ஆப்பில் வரும் வாரப் பேஅவுட் விவரத்தில் பிடித்தத்துக்கு முந்தைய மொத்தத்தை எடுங்கள். டி.டி.எஸ். பிடித்திருந்தால் அதுவும் உங்கள் பணம்தான், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் வரி கட்ட வேண்டாத வருமானத்துக்கு அது திரும்பி வரும். டிப்ஸையும் விடாமல் சேருங்கள்.

இப்போது நேரம். லாகின் 60 மணி நேரம். மேடவாக்கத்திலிருந்து வேளச்சேரிக்குப் போக 20 நிமிடம், வர 20 நிமிடம், வாரத்துக்கு 4 மணி நேரம். சர்வீஸுக்குக் காத்திருப்பது, பணம் கட்டுவது, சப்போர்ட்டில் பேசுவது எல்லாம் சேர்த்து 2 மணி நேரம் என்று குறைத்தே வைக்கிறேன். 66 மணி நேரம். 3,196-ஐ 66-ஆல் வகுத்தால் 48 ரூபாய் சொச்சம்.

போனில் ஒரு ஷீட் வைத்துக்கொண்டால் தினக் கணக்கு அரை நிமிட வேலை. B-யில் அன்றைய வரவு, C-யில் மீட்டர்படி கிலோமீட்டர், D-யில் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பும் வரை உள்ள மணி நேரம். 59 என்பது 355-ஐ ஆறு நாளுக்குப் பிரித்தது.

```
=(B2-C2*3.84-59)/D2
```

இன்சென்டிவ் வாரக் கடைசியில் வரும் என்பதால் தினமும் வரும் எண் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், பதற வேண்டாம். முடிவெல்லாம் வாரக் கணக்கை வைத்து எடுங்கள்.

இந்தச் சராசரியைவிட உங்களுக்கு அதிகம் பயன்படுவது எந்த நேரத்தில் எவ்வளவு நிற்கிறது என்பது. மதியம் 3 மணிக்கும் சாயந்திரம் 6 மணிக்கும் கூடுதலாக ஒரு போட்டோ எடுங்கள், அந்த நேரம் வரை வந்த தொகையையும் குறியுங்கள். உதாரணத்துக்கு ஒரு நாளை இப்படி வைத்துக்கொள்வோம். 12 முதல் 3 வரை 47 கிலோமீட்டர், 350 ரூபாய். 3 முதல் 6 வரை 20 கிலோமீட்டர், 110 ரூபாய். 6 முதல் 10 வரை 58 கிலோமீட்டர், 505 ரூபாய். கிலோமீட்டர் செலவைக் கழித்தால் மதிய நேரம் மணிக்கு 57 ரூபாய், ராத்திரி நேரம் மணிக்கு 71 ரூபாய். நடுவில் இருக்கும் மூன்று மணி நேரத்தில் நிற்பது மொத்தமே 33 ரூபாய், மணிக்கு 11. அந்த வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு உட்காரலாமே என்று தோன்றும்.

ஆனால் உடனே அந்த முடிவுக்குப் போகாதீர்கள், இன்சென்டிவ் இருக்கிறது. இதே உதாரணத்தில் ஆர்டரில் வருவது வாரம் 5,790, மீதி 1,010 இன்சென்டிவ். சாயந்திரம் லாகின் இல்லாவிட்டால் இன்சென்டிவ் முழுக்கப் போய்விடும் என்றால், அந்த 18 மணி நேரத்தின் மதிப்பு 198 ரூபாய் அல்ல, 1,208. மணிக்கு 67. அப்போது ஓட்டுவதுதான் சரி. இதுவே, சாயந்திரத்தை விட்டாலும் கீழ்ப் படியில் 600 கிடைக்கும் என்றால் நீங்கள் இழப்பது 410 மட்டும். 608 ரூபாயை 18-ஆல் வகுத்தால் மணிக்கு 34. அப்போது விட்டுவிடலாம். இன்சென்டிவை எல்லா மணிக்கும் சமமாகப் பரப்பினால் இது தெரியவே தெரியாது. எந்த மணி நேரத்தை ஓட்டினால்தான் அது கிடைக்குமோ, அந்த மணி நேரத்தின் கணக்கில்தான் அதை வைக்க வேண்டும். வாரக் கடைசி நாளில் "இன்னும் நாலு ஆர்டர்தான்" என்று ராத்திரி ஒரு மணி வரை இழுப்பதையும் இப்படியே பாருங்கள். சில வாரம் அது நல்ல காசு. சில வாரம் அந்த நாலு ஆர்டருக்கு 40 கிலோமீட்டர் போயிருக்கும், 154 ரூபாய் வண்டிக்கே.

மூன்று மணிக்கு வீட்டுக்குப் போய் ஆறு மணிக்குத் திரும்பலாம் என்றால் அதற்கும் 16 கிலோமீட்டர், 61 ரூபாய். மேடவாக்கம் வரை போகாமல் ஜோனுக்குள்ளேயே நிழலில் ஓய்வெடுக்க இடம் இருந்தால்தான் சாயந்திரத்தை விடுவது லாபம்.

தனி ஆர்டரையும் இந்த 3.84-ஐ வைத்தே எடை போடலாம். துரைப்பாக்கத்துக்கு 7 கிலோமீட்டர் டிராப், 70 ரூபாய் என்றால் கண்ணுக்கு நன்றாக இருக்கும். பிக்கப்புக்கு 2, திரும்பி ஜோனுக்கு வர 6, மொத்தம் 15 கிலோமீட்டர். செலவு 58, நிற்பது 12 ரூபாய், நேரம் முக்கால் மணிக்கு மேல். ஜோனுக்குள்ளேயே 3 கிலோமீட்டர் டிராப், 35 ரூபாய். பிக்கப் 1, திரும்ப 2, ஆக 6 கிலோமீட்டர், செலவு 23. நிற்பது அதே 12 ரூபாய், நேரம் பாதிகூட இல்லை. தூர ஆர்டரை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பக்கமே திரும்ப ஆர்டர் கிடைக்கும் நேரமாக இருந்தால் கணக்கு மாறிவிடும், வெறும் வண்டியாகத் திரும்பும் ஆறு கிலோமீட்டர் அதில் இல்லை. ஆர்டரை மறுத்தால் இன்சென்டிவ் பாதிக்குமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி அந்தக் கடை வேலை. மாதம் 26 நாள், 9 மணி நேரம் என்றால் 234 மணி, போய்வர 17 மணி, மொத்தம் 251. கடையும் வேளச்சேரிப் பக்கம்தான் என்று வைத்தால் போய்வர மாதம் 416 கிலோமீட்டர், செலவு 1,600. வண்டி வட்டியும் காப்பீடும் அப்போதும் உண்டு, மாதம் 700. 16,000-இல் போக 13,700 நிற்கும், மணிக்கு 54 ரூபாய்க்கு மேல். இப்போது டெலிவரியில் உங்களுக்கு மாதம் 13,840 நிற்கிறது, ஆனால் அதற்கு 286 மணி நேரம் கொடுக்கிறீர்கள். மாதக் கடைசியில் பணம் ஏறக்குறைய ஒன்றுதான், கடையில் 35 மணி நேரம் குறைவு. அதோடு வண்டி மாதம் 3,600 கிலோமீட்டருக்குப் பதிலாக 400 சொச்சம்தான் ஓடும், லோன் முடியும்போதும் நல்ல நிலையில் இருக்கும். சேர்வதற்கு முன் கடையில் இ.எஸ்.ஐ., பி.எஃப். உண்டா என்று கேட்டுவிடுங்கள். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருகிறார், குடும்பத்துக்கே மருத்துவச் செலவு பார்த்துக்கொள்ளும். பண்டிகை நாளில் 9 மணி நேரம் 12 ஆகுமா, அதற்குத் தனிக் காசு உண்டா என்பதையும் கேளுங்கள். இல்லையென்றால் அந்த 54-உம் இறங்கிவிடும்.

டெலிவரியிலேயே தொடர்வதாக இருந்தால், பேஅவுட் வந்த அன்றே கிலோமீட்டருக்கு 1.60 வீதம் எடுத்து வேறு கணக்கில் போடுங்கள். உங்கள் ஓட்டத்துக்கு வாரம் 1,350 ரூபாய். அதில் பாதி பராமரிப்புக்கு, டயருக்கும் பெல்ட்டுக்கும் அதிலிருந்து எடுக்கலாம். மீதிப் பாதி வண்டியின் பணம், இ.எம்.ஐ.யை அதிலிருந்தே கட்டுங்கள். 675 ரூபாய் வீதம் மாதம் 2,900 வந்துவிடும், உங்கள் தவணைக்குச் சரியாக இருக்கும். முன்பணமாகப் போட்ட தொகைக்கும் அடுத்த வண்டிக்கும் அதில் எதுவும் மிஞ்சாது, அதனால் தவணை முடிந்த பிறகும் அந்த 675-ஐ நிறுத்தாமல் போட்டு வாருங்கள்.